ஐம்பத்தாறு இனங்களும் ஒரு தீர்ப்பும்: பன்முகச் சோதனைகளின் வழுக் கட்டுப்பாடு பற்றிய ஒரு மதிப்பீடு

1

ஒரு நிலத்தின் ஒரு பகுதிக்கு உரமிட்டு, மறுபகுதியை உரமின்றி விட்டு, இரண்டிலும் வளரும் தாவர இனங்களை எண்ணிப் பார்ப்பது சூழலியலாளரின் வழமையான வேலை. பரிசோதனை ஒன்றே, ஆனால் கேள்விகள் பல. ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியே எடுத்து, இரு பரிகரிப்புகளுக்குமிடையே அதன் எண்ணிக்கை வேறுபடுகின்றதா என ஆய்வாளர் வினவுகிறார். இருபது இனங்கள் இருப்பின் இருபது சோதனைகள். ஐம்பத்தாறு இருப்பின் ஐம்பத்தாறு. முடிவில் ஓர் அட்டவணை கிடைக்கிறது. சில இனங்களின் பெயருக்கு அருகில் உடுக்குறி இடப்படுகிறது. அவ்வுடுக்குறிகளே பின்னர் கட்டுரையின் முடிவுரையாகவும், சில வேளைகளில் அரசாங்கக் கொள்கையாகவும் மாறுகின்றன.

இவ்வுடுக்குறிகளில் எத்தனை மெய்யானவை என்ற கேள்வியே இக்கட்டுரையின் பொருள். இதற்குக் கடந்த பல பத்தாண்டுகளில் மூன்று விடைகள் கூறப்பட்டுள்ளன. ஒன்று, திருத்தம் எதுவும் வேண்டாம் என்பது. மற்றொன்று, பொன்பெரோனியின் பெயரால் வழங்கும் கடுமையான திருத்தம். மூன்றாவது, 1995ஆம் ஆண்டில் பெஞ்சமினியும் ஹொக்பேர்க்கும் முன்வைத்த பொய்க் கண்டுபிடிப்பு வீதக் கட்டுப்பாடு. மூன்றாவதே இன்று பெருவழக்கு. அது முன்னைய இரண்டிலும் மேலானது என்பதே எமது கருத்துமாகும். ஆயினும், எத்தனை இனங்களை எந்த அடிப்படையில் ஒரே குடும்பமாகச் சோதிக்கிறோம் என்ற கேள்விக்கு அது விடை தருவதில்லை. அக்கேள்வியை விட்டுவிட்டு முறையை மட்டும் பயன்படுத்துவோர், தீர்ப்பைத் தாம் அறியாமலே முன்கூட்டி எழுதிவிடுகின்றனர் என்பதை ஓர் உண்மையான ஆய்வைக் கொண்டு காட்ட முயல்வோம்.

2

முதலில் கணக்கைப் பார்ப்போம். பொருளுண்மை மட்டம் 0.05 எனக் கொள்வதன் கருத்து, பரிகரிப்பினால் எவ்வித பாதிப்பும் அடையாத ஓர் இனத்தை, தற்செயலின் காரணமாகப் பாதிப்படைந்ததென நூற்றுக்கு ஐந்து தடவை தவறாகத் தீர்ப்பிட நாம் உடன்படுகிறோம் என்பதே. ஐம்பத்தாறு இனங்களைச் சோதிக்கும்போது, அவற்றுள் ஒன்றுகூட உண்மையில் பாதிப்படையாதபோதிலும், சராசரியாக 2.8 இனங்கள் உடுக்குறி பெறும். இனங்கள் ஒன்றையொன்று சாராதவை எனின், குறைந்தது ஒரு பொய் உடுக்குறியாவது தோன்றும் நிகழ்தகவு 94 சதவீதம். ஆகவே, திருத்தப்படாத அட்டவணையில் இரண்டு மூன்று உடுக்குறிகளைக் கண்டு, அவ்வினங்களின் வாழ்க்கை முறையிலிருந்து விளக்கம் தேடி எழுதப்படும் பந்திகள், தற்செயலுக்கு எழுதப்பட்ட விளக்கங்களாக இருக்கக்கூடும். எந்த இனத்துக்கும் எத்தகைய விளக்கத்தையும் கண்டுபிடித்துவிடலாம் என்பதனால் இவ்வழு எளிதில் வெளிப்படுவதுமில்லை.

இந்த ஆபத்தைச் சூழலியலாளர் பரவலாக உணரச் செய்தது, வில்லியம் றைஸ் என்பார் 1989இல் எவலூஷன் என்னும் ஆய்விதழில் எழுதிய மூன்று பக்கக் கட்டுரை. சோதனைகளின் எண்ணிக்கையால் 0.05ஐ வகுத்து, அவ்வாறு பெறும் சிறிய எல்லையை மிகச்சிறிய p பெறுமானத்துக்குப் பிரயோகிக்க வேண்டும். அது தேறினால், வகுக்கும் எண்ணில் ஒன்றைக் குறைத்து அடுத்ததைச் சோதிக்க வேண்டும். தேறாத முதலாவது இனத்துடன் நிறுத்திவிட வேண்டும். இப்படிமுறையை 1979இல் ஹொல்ம் வகுத்திருந்தார். றைஸ் அதை உயிரியலாளரிடம் கொண்டு சேர்த்தார். இம்முறை உறுதிப்படுத்துவது, முழு அட்டவணையிலும் ஒரு பொய் உடுக்குறியேனும் தோன்றும் நிகழ்தகவு 0.05ஐ மிஞ்சாது என்பதை. இனங்கள் எவ்வாறு தம்முள் தொடர்புற்றிருப்பினும் அவ்வுறுதி நிலைக்கும்.

அவ்வுறுதிக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதே கேள்வி.

3

தஸ்மேனியாவின் ஈகிள்ஹோக் நெக் என்னும் கடற்கரையில், கூட்டமாகத் திரியும் படைவீரர் நண்டுகள் மணலைக் கிளறி உணவு தேடுகின்றன. இக்கிளறல், மணற் பருக்கைகளுக்கிடையே வாழும் நுண்விலங்குச் சமுதாயத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதை வாரிக், கிளார்க், ஜீ ஆகிய மூவரும் ஆராய்ந்து 1990இல் வெளியிட்டனர். நான்கு இடங்கள், ஒவ்வோரிடத்திலும் கிளறப்பட்ட மணலில் இரண்டு மாதிரிகள், கிளறப்படாத மணலில் இரண்டு மாதிரிகள், ஆக மொத்தம் பதினாறு மாதிரிகள். அவற்றில் காணப்பட்ட இனங்கள் 56. அவற்றுள் 39 நெமற்றோட்டுப் புழுக்கள், 12 கொப்பிபொட்டு என்னும் சிறு ஓட்டுடலிகள். பல இனத் தரவுகளைப் பகுப்பாயும் முறைகளை எழுதுவோர் இத்தரவைப் பலமுறை எடுத்தாண்டுள்ளனர்; `mvabund` என்னும் கணினிப் பொதியிலும் அது சேர்க்கப்பட்டிருக்கிறது. அதன் ஆசிரியர்களைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. அவர்கள் சமுதாயத்தை முழுமையாகக் கொண்டே வினவினர். இத்தகைய அமைப்பில் ஒவ்வோர் இனத்தையும் தனித்துச் சோதிக்கப் புகுவோருக்கு என்ன நேரும் என்பதையே இங்கு நோக்குகிறோம்.

இவ்வமைப்புக்கு மிகக் குறைந்த எடுகோள்களுடன் பொருந்துவது வரிசைமாற்றச் சோதனை. கிளறல் ஓர் இனத்தைப் பாதிக்கவில்லையெனில், ஓரிடத்தின் நான்கு மாதிரிகளுள் எந்த இரண்டு “கிளறப்பட்டவை” என்ற பெயரைப் பெறினும் வேறுபாடில்லை. நான்கிலிருந்து இரண்டைத் தெரிவதற்கு ஆறு வழிகள் உண்டு. நான்கு இடங்களுக்கும் சேர்த்து 6 × 6 × 6 × 6, அதாவது 1296 வழிகள். ஓர் இனம் எத்துணை வலுவாகப் பாதிக்கப்பட்டிருப்பினும், கிளறப்பட்ட எட்டு மாதிரிகளிலும் ஒன்றேனும் இன்றி முற்றாக அழிந்து, மற்றைய எட்டிலும் நிறைந்திருப்பினும், அத்தகைய எல்லைநிலை 1296இல் ஒரு வழியே. எதிர்த்திசை எல்லையையும் சேர்த்தால் இரண்டு. ஆகவே இச்சோதனை தரக்கூடிய மிகச்சிறிய p பெறுமானம் 2/1296, அதாவது 0.00154.

பொன்பெரோனி எல்லையோ 0.05/56, அதாவது 0.00089. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நிலைமை விளங்கும். இவ்வமைப்பில், 56 இனங்களையும் ஒரே குடும்பமாகக் கொண்டால், எந்த இனமும், எத்தகைய பாதிப்புக்கு உள்ளாகியிருப்பினும், பொன்பெரோனித் திருத்தத்தின் பின் “பாதிப்படைந்தது” எனத் தீர்ப்புப் பெற முடியாது. ஹொல்மின் படிமுறையும் முதற்படியிலேயே நின்றுவிடுமாதலால் அதுவும் உதவாது. ஒரு மாதிரியையேனும் எண்ணத் தொடங்குமுன்பே “பாதிப்பு எதுவுமில்லை” என்ற முடிவு எழுதப்பட்டாயிற்று. வழுவைத் தவிர்ப்பதற்கான முறை இங்கு விடையையே தவிர்த்துவிடுகிறது.

கொப்பிபொட்டுகளை மட்டும் ஒரு குடும்பமாகக் கொண்டால் எல்லை 0.05/12, அதாவது 0.0042. அப்போது ஓர் இனம் தேற இடமுண்டு. நெமற்றோட்டுகள் 39உம் தனிக் குடும்பமாயின் எல்லை 0.0013, மீண்டும் எதுவும் தேறாது. எல்லையைத் தாண்டும் வாய்ப்பே இருக்க வேண்டுமெனின், குடும்பத்தில் 32 இனங்களுக்கு மேல் இருத்தலாகாது. ஆக, கொப்பிபொட்டுகள் பாதிப்படைந்தன, நெமற்றோட்டுகள் தப்பின என எவராவது இத்திருத்தத்தின் வழி எழுதினால், அது விலங்குகளைப் பற்றிய கூற்று ஆகாமல், பட்டியலின் நீளத்தைப் பற்றிய கூற்றாகவும் இருக்கலாம்.

வரிசைமாற்றத்தை விடுத்து, எண்ணிக்கைகளுக்கு ஒரு பரம்பலை எடுகோளாகக் கொண்டு சோதித்தால் இதனினும் சிறிய p பெறுமானங்கள் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் அச்சிறுமை, பரம்பலின் மிகத் தொலைவான வால்பகுதியைப் பற்றிய எடுகோளிலிருந்து வருகிறது. பதினாறு மாதிரிகள் அவ்வால்பகுதியைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் கூறா. தரவு தராததை எடுகோள் தருமாயின், அதற்கு எவ்வளவு மதிப்பளிப்பது என்பதை வாசகர் தீர்மானிக்கலாம்.

4

இத்தகைய விளைவுகளைக் கண்டு வெகுண்ட மொறன், 2003இல் ஒய்கொஸ் என்னும் ஆய்விதழில், சூழலியலில் இத்தொடர் திருத்தத்தையே கைவிட வேண்டும் என வாதிட்டார். ஓர் இனத்தை மட்டும் எண்ணியவர் முடிவு கூறலாம், ஐம்பதை எண்ணியவர் கூறலாகாது என்றால், விரிவான ஆய்வுக்குத் தண்டனை விதித்ததாகும் என்பது அவருடைய முறைப்பாட்டின் சாரம். இம்முறைப்பாடு நியாயமானது. ஆனால் அதற்கு மாற்றாக அவர் பரிந்துரைத்த கணக்கு ஏற்கத்தக்கதன்று. பல சோதனைகளில் பல உடுக்குறிகள் ஒருங்கே தோன்றுவது தற்செயலாக நிகழ மிகவும் அரிது; எனவே அவற்றை நம்பலாம் என்பது அக்கணக்கு. எடுத்துக்காட்டாக, இருபது சோதனைகளுள் ஒன்பது உடுக்குறி பெறுவதற்கான நிகழ்தகவு, ஈருறுப்புப் பரம்பலின்படி, ஏறத்தாழ ஒரு கோடியில் இரண்டு.

இங்கு இரு குறைகள் உள்ளன. முதலாவது, இருபது சோதனைகளும் ஒன்றையொன்று சாராதவை என்ற எடுகோள். ஒரே பாத்தியில் வளரும் இருபது இனங்கள் அத்தகையவையல்ல. உரமிட்ட பாத்திகளுள் ஒன்று தாழ்ந்த, ஈரமான இடத்தில் அமைந்துவிட்டால், ஈரத்தை விரும்பும் இனங்கள் அனைத்தும் அங்கு ஒருங்கே மிகும். ஒரு தற்செயல் பத்து உடுக்குறிகளாக எதிரொலிக்கும். எல்லை நிலையில், இருபது இனங்களும் முற்றிலும் ஒத்து இயங்குமாயின், இருபதும் ஒருங்கே பொய் உடுக்குறி பெறும் நிகழ்தகவு வெறும் 0.05, கோடியில் ஒன்றன்று. இரண்டாவது குறை, அக்கணக்கு சரியாயினுங்கூட, சில இனங்கள் பாதிப்படைந்துள்ளன என்பதையே அது கூறும். எவை என்பதைக் கூறாது. அட்டவணையை வாசிப்பவருக்கு வேண்டியது பின்னதே.

5

பெஞ்சமினியும் ஹொக்பேர்க்கும் கேள்வியையே மாற்றினர். ஒரு பொய்யும் நுழையாதபடி காப்பதே பொன்பெரோனியின் இலட்சியம். அவர்களோ, நாம் “கண்டுபிடித்தோம்” என அறிவிக்கும் பட்டியலில் பொய்யானவற்றின் விகிதம், சராசரியாக ஒரு குறித்த அளவை மிஞ்சாதிருந்தாற் போதும் என்றனர். 2004இல் கார்சியாவும், 2005இல் வெர்ஹோவனும் சகாக்களும் அதே ஒய்கொஸ் இதழில் சூழலியலாளருக்கு இதைப் பரிந்துரைத்தனர்.

முறையை ஒரு கற்பித எடுத்துக்காட்டால் விளக்குவோம். உரப் பரிசோதனை ஒன்றில் இருபது இனங்கள் சோதிக்கப்பட்டன எனக் கொள்வோம். p பெறுமானங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் முதல் ஒன்பதும் பின்வருமாறு: 0.0004, 0.0011, 0.0032, 0.0060, 0.0131, 0.0140, 0.021, 0.034, 0.041. பத்தாவது 0.08, மற்றவை அதனினும் பெரியன. திருத்தமின்றி நோக்கினால் ஒன்பது இனங்கள் உடுக்குறி பெறும். பொன்பெரோனி எல்லை 0.0025, அதைத் தாண்டுவன இரண்டே. ஹொல்மின் முறையிலும் அவ்விரண்டே.

பொய்க் கண்டுபிடிப்பு வீதத்தை 0.05 என வைத்தால், k ஆவது இடத்திலுள்ள பெறுமானத்தை k × 0.05/20 என்ற எல்லையோடு ஒப்பிட வேண்டும். முதல் நான்கின் எல்லைகள் 0.0025, 0.0050, 0.0075, 0.0100; நான்கும் தேறுகின்றன. ஐந்தாவதின் எல்லை 0.0125, பெறுமானமோ 0.0131. தேறவில்லை. பலர் இங்கேயே நிறுத்திவிடுகின்றனர்; அது பிழை. இம்முறை கீழிருந்து மேலாக அன்றி, பெரிய பெறுமானத்திலிருந்து சிறியதை நோக்கி வருவது. தன் எல்லைக்குள் அடங்கும் கடைசி இனத்தைக் கண்டு, அதற்கு முன்னுள்ள அனைத்தையும் ஏற்க வேண்டும். ஆறாவதின் எல்லை 0.0150, பெறுமானம் 0.0140. அது தேறுகிறது. ஏழாவதிலிருந்து எதுவும் தேறவில்லை. ஆகவே ஐந்தாவது உட்பட ஆறு இனங்கள் கண்டுபிடிப்பாக அறிவிக்கப்படும்.

இந்த ஆறில் பொய்யானவை எத்தனை? “நூற்றுக்கு ஐந்து, எனவே ஒன்றுக்கும் குறைவு” எனச் சொல்லிவிடத் தோன்றும். ஆனால் 0.05 என்பது, இதே பரிசோதனையைப் பன்முறை மீளச் செய்தால் கிடைக்கும் விகிதங்களின் சராசரி. நம் கையிலுள்ள இவ்வொரு பட்டியலுக்கு அது உத்தரவாதமன்று. முன்னர் கூறிய ஈரப் பாத்தி இங்கும் தன் வேலையைக் காட்டும். இனங்கள் இறுகத் தொடர்புற்றிருக்கும்போது, பெரும்பாலான பரிசோதனைகளில் பொய் ஒன்றும் நுழையாது. சிலவற்றில் பல பொய்கள் கூட்டமாக நுழையும். சராசரி மட்டும் காக்கப்படும். இனங்கள் சாராதிருக்கும் நிலைக்கே 1995இன் நிறுவல் அமைந்தது. ஒரு வகையான நேர்த்தொடர்பு உள்ள நிலைக்கும் அது செல்லும் என 2001இல் பெஞ்சமினியும் யெகுட்டியெலியும் காட்டினர். எவ்விதத் தொடர்புக்கும் பொருந்தவேண்டின், எல்லைகளை 1 + 1/2 + 1/3 + … + 1/20 என்ற கூட்டுத்தொகையால், அதாவது ஏறத்தாழ 3.6ஆல், மேலும் வகுக்க வேண்டும் எனவும் அவர்கள் நிறுவினர். ஒன்று மிக மற்றொன்று குறையும் போட்டியினங்கள் நிறைந்த புல்வெளியில் எவ்வகைத் தொடர்பு நிலவுகிறது என்பதை ஆய்வாளர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தஸ்மேனிய அமைப்புக்குத் திரும்பினால் இம்முறையின் பயன் தெளிவாகும். 56 இனங்களுள் ஒன்று மட்டும் 0.00154 என்ற மிகச்சிறிய பெறுமானத்தைப் பெற்றால், அதன் எல்லை 0.00089; தேறாது. இரண்டு இனங்கள் அதைப் பெற்றால், இரண்டாவதின் எல்லை 0.00179, இரண்டும் தேறும். பொன்பெரோனி மூடிவைத்த கதவை இது சற்றுத் திறக்கிறது. பாதிப்பு ஓரினத்தில் நில்லாது பலவற்றில் தோன்றும்போது, ஒன்றின் சான்று மற்றொன்றுக்குத் துணையாகிறது.

6

அதே துணையே இம்முறையின் பலவீனமும் ஆகும். குடும்பத்தில் யார் யார் உள்ளனர் என்பதைப் பொறுத்து ஓரினத்தின் தீர்ப்பு மாறுகிறது.

மேற்கூறிய இருபது இனங்களுடன், ஓரிரு பாத்திகளில் மட்டும் தென்பட்ட இருபது அரிய இனங்களையும் அட்டவணையில் சேர்த்துவிட்டோம் எனக் கொள்வோம். அவற்றின் p பெறுமானங்கள் பெரியனவாகவே இருக்கும். இப்போது k ஆவது எல்லை k × 0.05/40. முதல் மூன்று இனங்களே தேறுகின்றன, நான்காவதின் 0.0060, அதன் புதிய எல்லையான 0.0050ஐ மீறிவிடுகிறது. ஆறு கண்டுபிடிப்புகள் மூன்றாயின. உரம் மாறவில்லை, செடிகள் மாறவில்லை, பட்டியல் நீண்டது, அவ்வளவே.

எதிர்த்திசையிலும் இது நிகழும். பாதிப்படைவது உறுதியென முன்பே அறிந்த பத்து இனங்களை, சான்றாகக் களைநாசினிப் பரிசோதனையில் அந்நாசினி கொல்வதற்கென்றே செய்யப்பட்ட களைகளை, குடும்பத்தில் சேர்த்தால், பழைய ஏழாவது இனம் பதினேழாவதாகும். அதன் எல்லை 17 × 0.05/30, அதாவது 0.028, 0.021 என்ற அதன் பெறுமானம் இப்போது தேறிவிடும். பொய்களின் விகிதம் முழுப் பட்டியலிலும் காக்கப்படுகிறது. ஆனால் அப்பொய்கள் யாவும் நாம் உண்மையில் அறிய விரும்பிய இனங்களுள்ளேயே ஒதுங்கிவிடுகின்றன.

ஆகவே குடும்பத்தை வகுப்பதற்கு ஒரு நேர்மையான விதி வேண்டும். தஸ்மேனிய அமைப்பே அதை நமக்குக் காட்டித் தருகிறது. ஓரினம் ஒரேயொரு மாதிரியில் மட்டும் காணப்பட்டால், அம்மாதிரி கிளறப்பட்டதாயினும் அன்றாயினும், சோதனை 1 என்ற பெறுமானத்தையே தரும். நான்கு இடங்களிலும் ஒவ்வொரு மாதிரியில் காணப்பட்டு, நான்கும் கிளறப்பட்டவையாக அமைந்தாலும், பெறுமானம் 2/16, அதாவது 0.125. இரண்டு இடங்களில் இரண்டிரண்டு மாதிரிகளில் காணப்பட்டு நான்கும் கிளறப்பட்டவையாயின் 2/36, அதாவது 0.056. நான்கு அல்லது அதற்குக் குறைந்த மாதிரிகளில் காணப்படும் எந்த இனமும் இவ்வமைப்பில் 0.05ஐ எட்டவே முடியாது. உடுக்குறி பெறும் வாய்ப்பே இல்லாத ஓரினம், பொய் உடுக்குறியும் பெற முடியாது. பொய்யுரைக்க முடியாத சாட்சிகளின் எண்ணிக்கையால் மற்றவர்களின் சாட்சியத்தை வகுப்பது நியாயமன்று. இக்கருத்தைப் பொன்பெரோனித் திருத்தத்துக்கு 1990இலேயே தறோன் வகுத்துக் காட்டியிருந்தார். சூழலியல் அட்டவணைகளில் அது போதிய அளவு பின்பற்றப்படவில்லை.

இவ்விலக்கு நேர்மையானதாவதற்குக் காரணம், அது ஓரினம் எத்தனை மாதிரிகளில், எவ்விடங்களில் காணப்பட்டது என்பதை மட்டும் பார்க்கிறது. எந்தப் பரிகரிப்பில் காணப்பட்டது என்பதைப் பார்ப்பதில்லை. p பெறுமானங்களைக் கண்ட பின் “சுவாரசியமற்ற” இனங்களை நீக்குவது இதற்கு நேர்மாறானது; அவ்வாறு செய்தால் எந்தத் திருத்தமும் திருத்தமாகாது. அட்டவணையொன்றை வாசிப்பவர் இதைக் கண்டறிய ஒரு வழியுண்டு: முறையியற் பகுதியில் எத்தனை இனங்கள் சேகரிக்கப்பட்டன என்பதையும், அட்டவணையில் எத்தனை சோதிக்கப்பட்டன என்பதையும் ஒப்பிட்டு, இடைவெளிக்கான விதி எழுதப்பட்டுள்ளதா எனத் தேடுவது. விதி இல்லையேல் உடுக்குறிகளை ஐயத்துடன் நோக்க வேண்டும்.

திருத்தம் சரிசெய்ய முடியாத மற்றொன்றையும் குறிப்பிடல் வேண்டும். ஹேர்ல்பேர்ட் 1984இல் சுட்டிய போலி மீள்செய்கை, அதாவது ஒரே இடத்திலிருந்து எடுத்த பல மாதிரிகளைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணும் பிழை, p பெறுமானத்தையே கெடுக்கிறது. தஸ்மேனியக் கடற்கரையில் எப்பகுதியைக் கிளறுவது என்பதை நண்டுகளே தெரிந்தன; ஆய்வாளர் திருவுளச்சீட்டால் ஒதுக்கவில்லை. நண்டுகள் விரும்பிய மணலை நுண்விலங்குகளும் தம் காரணங்களுக்காக விரும்பியோ வெறுத்தோ இருக்கலாம். எந்த வீதக் கட்டுப்பாடும் இக்கேள்வியைத் தொடாது.

7

இவையெல்லாம் கணக்கியலாளரின் உட்பூசல் என ஒதுக்கிவிட முடியாது. 2003இல் பிரித்தானியாவில் வெளியான பண்ணை அளவிலான மதிப்பீடுகளை நோக்குக. களைநாசினியைத் தாங்கும்படி மரபணு மாற்றப்பட்ட பயிர்களின் செய்கை, வயலில் வாழும் களைகளையும் பூச்சிகளையும் எவ்வாறு பாதிக்கும் என்பதை அறிய, ஒவ்வொரு வயலையும் இரண்டாகப் பகுத்து, ஒரு பாதியில் மாற்றப்பட்ட பயிரையும் மறுபாதியில் வழமையான பயிரையும் வளர்த்து, பற்பல இனங்களையும் இனக்கூட்டங்களையும் எண்ணினர். பீற் கிழங்கிலும் வசந்தகால எண்ணெய்க் கடுகிலும் மாற்றப்பட்ட பயிரின் பாதியில் களைகள் குறைந்தன; சோளத்தில் மிகுந்தன. இத்தகைய ஆய்வில் ஒரு பொய் உடுக்குறி, தீங்கற்ற செய்கைமுறை ஒன்றைக் குற்றவாளியாக்கும். விடுபட்ட ஒரு மெய், தீங்கான செய்கைமுறையை விடுதலை செய்யும். முதல் வழுவின் சுமை பெரும்பாலும் உற்பத்தியாளர் மீது. இரண்டாவதன் சுமை வயலின் மீதும் அதை நம்பி வாழ்வோர் மீதும். பொன்பெரோனி முதலாவதை மட்டுமே எண்ணுகிறது. பட்டியலில் அரிய இனங்களைக் கூட்டுவதால் மட்டும் “பாதிப்பு நிறுவப்படவில்லை” என்ற முடிவை எளிதாகப் பெறலாம் என்பதை மேலே கண்டோம். அம்முடிவு “பாதிப்பு இல்லை” என வாசிக்கப்படுவதும் நாம் அறியாததன்று.

எனவே எமது முடிபு இது. பல இனங்களைச் சோதிப்போர் பொய்க் கண்டுபிடிப்பு வீத முறையைக் கொள்வது தகும். ஆனால் எந்த வீதம் என்பதைத் தரவைக் காணுமுன் கூறல் வேண்டும். மேற்கூறிய இருபது இனங்களில் வீதத்தை 0.05இலிருந்து 0.10க்கு உயர்த்தினால் ஆறு ஒன்பதாகிவிடும். முடிவைக் கண்ட பின் வீதத்தைத் தெரிவது தீர்ப்பை விலைபேசுவதாகும். தீங்கை ஆராயும்போது 0.10 எனக் கொள்வதற்கு நியாயமுண்டு. அந்நியாயத்தை எழுத்தில் வைக்க வேண்டும். குடும்பத்தை, பரிகரிப்பை அறியாத விதியால் வகுக்க வேண்டும். பரிசோதனையை அமைக்கும்போதே, அது தரக்கூடிய மிகச்சிறிய பெறுமானத்தை எல்லையுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தஸ்மேனிய அமைப்பில் ஐந்தாவதாக ஓரிடத்தைச் சேர்த்திருந்தால் 1296 என்பது 7776 ஆகி, மிகச்சிறிய பெறுமானம் 0.00026 ஆகியிருக்கும்; 56 இனங்களுக்கும் பொன்பெரோனியின் கதவே திறந்திருக்கும். நான்கு மேலதிக மாதிரிகள் செய்யக்கூடியதை எந்தத் திருத்தமும் செய்யாது.

இறுதியாக, உடுக்குறி பெறாத இனங்களையும் அட்டவணையிலிருந்து அகற்றலாகாது. ஒவ்வோர் இனத்துக்கும் இரு பரிகரிப்புகளுக்குமிடையிலான எண்ணிக்கை விகிதத்தையும் அதன் நம்பிக்கை இடைவெளியையும் தருதல் வேண்டும். பாதியாகக் குறைந்திருக்கவும் இருமடங்காகக் கூடியிருக்கவும் இடந்தரும் இடைவெளியைக் கொண்ட ஓர் இனத்தைப் பற்றி அவ்வாய்வு ஒன்றும் கூறவில்லை என்பதை வாசகர் அப்போதுதான் காண்பார். உடுக்குறியின்மை அதை அவருக்குச் சொல்லாது.